அறுத்துப் பார்த்த மூட்டு

போன மே மாதம், என் மகள் தன் கையால் செய்த முதல் மூட்டை என் அப்பா ரம்பத்தை எடுத்து இரண்டாக அறுத்துப் போட்டார். வெளியிலிருந்து பார்க்க அதில் ஒரு குறையும் இல்லை. ஸ்டூலின் கால் கட்டையும் அதில் செருகுகிற குறுக்குச் சட்டமும் சேருகிற இடத்தில் தலைமுடி நுழைய இடமில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் மரவேலை செய்கிற நானே அதைக் கையில் வாங்கிப் பார்த்து, மனசு நிறைந்து, அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். அப்பா வாங்கினார். திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கீழே வைத்துக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, சட்டத்தின் நடுவில் நீளவாக்கில் ரம்பத்தை வைத்து இழுத்தார். பதினான்கு வயதுப் பெண் நான்கு நாள் உட்கார்ந்து செய்தது. அவள் அழவில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

அன்று ராத்திரி அப்பாவோடு நான் பேசவில்லை. மதுரைக்குத் திரும்பிய பிறகும் பல நாள் அது மனசில் கிடந்து உறுத்தியது. அவர் செய்தது சரியா தப்பா என்று மாற்றி மாற்றி யோசித்தேன். சரி என்று இன்று நினைக்கிறேன். அந்த இடத்துக்கு வந்து சேர எனக்கு எடுத்த நாட்களைத்தான் இங்கே எழுத வேண்டும்.

அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்ட பட்டறை இன்னும் இருக்கிறது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்த பிறகு பெரிய வேலை எடுப்பதில்லை. பழைய வீடு இடிக்கிற இடங்களிலிருந்து வரும் பர்மா தேக்குத் துண்டுகளை வாங்கிப் போட்டுக்கொண்டு, ஸ்டூல், சாமி மணை, ஊஞ்சல் பலகைக்குச் சட்டம் என்று சின்னச் சின்னதாய் ஏதாவது செய்துகொண்டிருப்பார். என் மகள் லீவுக்குப் போன மூன்றாம் நாள், "தாத்தா, எனக்கு ஒரு ஸ்டூல் செய்யக் கத்துக்குடுங்க" என்று கேட்டிருக்கிறாள். "ஸ்டூலு கெடக்கட்டும் ஆத்தா, மொதல்ல ஒரு மூட்டு வெட்டு. எட்டு மூட்டு சேந்தா அதுதான் ஸ்டூலு" என்றாராம்.

முதல் இரண்டு நாள் உளியே தீட்டச் சொன்னார் என்று அம்மா போனில் சொன்னாள். அது எனக்கும் நடந்ததுதான். அரை இஞ்சு உளி ஒன்றைக் கொடுத்து, தண்ணீர் தெளித்த தீட்டுக்கல்லில் முதலில் அதன் தட்டையான முதுகை உரசச் சொல்வார். முதுகு கண்ணாடி மாதிரி ஆனால்தான் சரிவுப் பக்கத்தைத் தொட விடுவார். கூர் வந்துவிட்டதா என்று பார்க்கக் கட்டைவிரல் நகத்தின் மேல் உளியின் வாயை லேசாக வைத்துச் சாய்க்க வேண்டும். வழுக்கினால் கூர் இல்லை. நகத்தைக் கவ்வி நின்றால் போதும். தேக்கில் வேலை செய்கிறவனுக்கு இந்தக் கவனம் கூடுதலாக வேண்டும். மணல் போன்ற ஒரு பொருள் அந்த மரத்துக்குள்ளேயே இருக்கிறது; மற்ற மரத்தில் ஒரு நாள் நிற்கிற கூர் பழந்தேக்கில் ஒரு மணி நேரத்தில் மழுங்கிவிடும். மழுங்கிய உளி மரத்தை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய ஓரம் வெளியே தெரியாமல் இருக்கலாம், ஆனால் அதில் பசை பிடிக்காது.

## பன்னிரண்டு நூல்

உளி தீட்ட ஆரம்பித்த நான்காவது நாள் நான் ஊருக்குப் போனபோது அவள் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கால் கட்டை ஒன்றரை இஞ்சு சதுரம். எங்கள் கணக்கில் பன்னிரண்டு நூல். இஞ்சுக்கு எட்டு நூல். பன்னிரண்டை மூன்றாய்ப் பிரித்தால் நடுவில் நான்கு நூல், அதுதான் துளையின் அகலம். குறுக்குச் சட்டத்தின் நுனியை மெலிதாக அறுத்து அந்தத் துளைக்குள் விடுகிற நாக்கின் கனமும் அதேதான். இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு என்று கட்டையில் கன்னம் நிற்கும். நாக்கைப் பெரிதாக வைத்தால் துளையின் கன்னம் மெலிந்து பிளக்கும். சின்னதாக வைத்தால் நாக்கே ஒடியும். மூன்றில் ஒரு பங்கு என்பது அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற அளவு.

ஆனால் அவர் அந்த நான்கு நூலை ஸ்கேலில் அளக்க விடவில்லை. கோடு கீறும் கட்டையில் இரண்டு முள் இருக்கும். அந்த இரண்டு முள்ளுக்கும் நடுவில் உளியின் வாயையே வைத்து, அது சரியாக உட்காருகிற மாதிரி முள்ளை நகர்த்தச் சொன்னார். "உளி நாலு நூலுன்னு கடைக்காரன் சொல்லுவான். தீட்டித் தீட்டி என்ன அளவுல இருக்குன்னு உளிக்குத்தான் தெரியும்." துளையின் அகலத்தை உளி முடிவு செய்கிறது. அதனால் துளையை முதலில் வெட்ட வேண்டும், நாக்கைப் பிறகு. துளை கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் அதை மாற்ற முடியாது. நாக்கைச் சீவிச் சரிசெய்யலாம். இந்த வரிசையை மாற்றிச் செய்து கெடுத்தவர்கள் ஏராளம்.

கட்டையின் நான்கு முகத்தில் ஒன்றைத் தேர்ந்து பென்சிலால் ஒரு சுழி போட்டார். எந்தக் கோடு கீறினாலும் அந்தச் சுழி போட்ட முகத்தில்தான் கட்டையைச் சாத்திக் கீற வேண்டும். மற்ற மூன்று முகமும் எவ்வளவு நேராக இருந்தாலும் அவற்றை நம்பக்கூடாது. குறுக்குக் கோடுகளைப் பென்சிலால் போட விடாமல், மூலைமட்டத்தை வைத்துக் கத்திமுனையால் கீறச் சொன்னார். பென்சில் கோட்டுக்குக் கனம் இருக்கிறது. அதில் இந்த ஓரமா அந்த ஓரமா என்று சந்தேகம் வரும். கத்திக் கோட்டில் சந்தேகம் இல்லை. அதுமட்டுமல்ல, கத்தி கீறிய பள்ளத்தில் உளியை வைத்தால் அது தானாகவே போய் உட்காரும். கண் மங்கிய பிறகு அப்பா கோட்டைப் பார்த்து வேலை செய்வதில்லை. நகத்தால் தடவி அந்தப் பள்ளத்தைக் கண்டுபிடித்து, உளியை அதில் வைக்கிறார்.

துளை வெட்டுவதை அவர் ஒரு தடவை செய்து காட்டினார். கோட்டிலிருந்து அரை நூல் உள்ளே தள்ளி ஆரம்பித்தார். கொட்டாப்புளியால் ஒரு தட்டு, உளியை நிமிர்த்தி ஒரு நெம்பு, அடுத்து ஒரு நூல் தள்ளி இன்னொரு தட்டு. ஏன் கோட்டிலேயே வைக்கவில்லை என்று அவள் கேட்டாள். உளிக்கு ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் சரிவு. மரம் நிறைந்திருக்கும்போது அடித்தால் அந்தச் சரிவு ஆப்பு மாதிரி வேலை செய்து, உளியைப் பின்னால் தள்ளும். கோட்டிலேயே வைத்து அடித்தால் கோட்டைத் தாண்டிப் போய்விடும். நெம்பும்போது உளியின் முதுகு அந்த ஓரத்தில்தான் சாய்ந்து ஊன்றும், ஓரம் நசுங்கும். ஆகவே எல்லாக் குப்பையும் வெளியே வந்த பிறகு, கடைசியாக அந்த அரை நூலை மட்டும் கோட்டில் உளியை வைத்து ஒரே தட்டில் எடுக்க வேண்டும். அப்போது தள்ளுவதற்கு மரம் இருக்காது. நெம்பவும் வேண்டியதில்லை.

நாக்கு அறுப்பதற்கு அவர் சொன்னது ஒரே வாக்கியம். "கோட்டத் திங்காத, கோட்டத் தொட்டுக்கிட்டே போ." ரம்பத்தின் வாய்க்கும் ஒரு கனம் உண்டு. அந்தக் கனம் முழுவதும் குப்பைப் பக்கம் விழ வேண்டும். சட்டத்தைச் சாய்த்துப் பிடித்து, மேல் கோடும் பக்கத்துக் கோடும் ஒரே நேரத்தில் கண்ணில் படுகிற மாதிரி மூலையில் ஆரம்பிக்க வேண்டும். பாதி வந்ததும் திருப்பிப் பிடித்து அந்தப் பக்க மூலையிலிருந்து. அப்புறம் நிமிர்த்தி, இரண்டு வெட்டும் சேருகிற வரைக்கும் நேராக இறங்க வேண்டும். ரம்பம் தான் ஏற்கெனவே போட்ட வழியில் போகும் என்பதால் கடைசி இறக்கத்தில் அது அலையாது.

இதையெல்லாம் அவள் செய்தாள். சொன்னதைச் செய்தாள் என்றுதான் நான் நினைத்தேன். நாக்கு துளைக்குள் போகாமல் முதலில் முரண்டு பிடித்தது. நாக்கின் கன்னத்தில் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சீவிச் சீவி, ஒரு மணி நேரம் போராடிக் கடைசியில் உள்ளே விட்டாள். நாக்கைச் சுற்றிச் சட்டத்தில் நிற்கிற தோள் வந்து காலில் பதிந்தது. ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றது. அதைத்தான் அப்பா அறுத்தார்.

## உள்ளே

இரண்டு பாதியையும் வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். கால் கட்டை குறுக்கே வெட்டுப்பட்டு, நடுவில் துளையும் அதற்குள் நாக்கும் படம் வரைந்த மாதிரி தெரிந்தன. நாக்கு நேராக இருந்தது. துளை சாய்ந்திருந்தது. மேல் வாயில் சரியான இடத்தில் ஆரம்பித்து, அடியில் போகும்போது இடது பக்கம் ஒரு நூலுக்குக் கொஞ்சம் குறைவாக ஒதுங்கிப் போயிருந்தது. சாய்ந்த துளைக்குள் நேரான நாக்கு எப்படிப் போகும்? நாக்கை மெலிய வைத்தால் போகும். அவள் ஒரு மணி நேரம் சீவியது அதற்குத்தான். இப்போது நாக்கு ஒரு பக்கம் வாயில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது, மறு பக்கம் அடிநுனியில் மட்டும். மற்ற இடமெல்லாம் அஞ்சலட்டை நுழைகிற இடைவெளி.

வெளியே தோள் பதிந்திருந்ததே என்று கேட்கலாம். தோள் பதிவது பார்வைக்கு அழகு. பசையின் பலம் அங்கே இல்லை. தோளில் காலோடு சேருவது சட்டத்தின் வெட்டுவாய். வெட்டுவாய் பசையை உறிஞ்சிக் குடிக்கும், அவ்வளவாகப் பிடிக்காது. நாரோட்டம் நீளமாய்ப் போகிற நாக்கின் கன்னமும் துளையின் சுவரும் முழுக்க ஒன்றோடு ஒன்று தொட்டால்தான் பசை பிடிக்கும். ஸ்டூலில் ஒருவர் உட்கார்ந்து பின்னால் சாய்ந்தால் அந்த இழுப்பை வாங்குவது அந்தக் கன்னம்தான். இரண்டு முனையில் மட்டும் தொடுகிற நாக்கு, உள்ளே கிடந்து சீசா பலகை மாதிரி ஆடும். ஆறு மாசம் தாங்கும். பிறகு கிறீச் என்று சத்தம் போடும்.

"எதுனால சாஞ்சுச்சு, சொல்லு ஆத்தா" என்றார். அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் உடனே தெரியவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அவள் கட்டையைக் குறுக்கே போட்டு, அதன் பக்கவாட்டில் உட்கார்ந்து வெட்டியிருக்கிறாள். அப்படி உட்கார்ந்தால் உளி இடது வலமாய்ச் சாய்வது கண்ணுக்குத் தெரியும். தன்னைப் பார்த்தோ தன்னை விட்டு விலகியோ சாய்வது தெரியாது. துளையின் நீளவாட்டில் சாய்ந்தால் பெரிய கெடுதல் இல்லை, கடைசித் தட்டில் சரியாகிவிடும். அகலவாட்டில் சாய்ந்தால் கெட்டது. அவளுக்குக் கண்ணுக்குத் தெரியாத திசை அதுதான். கட்டையின் தலைமாட்டில் போய், அது தன்னை விட்டு நீளமாய்ப் போகிற மாதிரி உட்கார்ந்திருந்தால் அந்தச் சாய்வு கண்ணுக்கு நேரே நின்றிருக்கும். அப்பா எழுந்து அவள் தோளைப் பிடித்து நகர்த்தி, கட்டையின் தலைமாட்டில் உட்கார வைத்தார். பக்கத்தில் மூலைமட்டத்தை நிமிர்த்தி வைத்தார். "இத்தப் பாத்துக்கிட்டே அடி."

இத்தனையும் நியாயம்தான். ஆனாலும் எனக்குச் சமாதானம் ஆகவில்லை. ஏனென்றால், அறுக்காமலேயே அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். நாக்கைத் துளையிலிருந்து உருவிப் பார்த்தாலே போதும். இறுக்கமாய் உரசிய இடத்தில் மரம் பளபளப்பேறி நிற்கும், தொடாத இடம் மங்கலாகவே இருக்கும். ஒரு கன்னத்தில் தோளோரம் மட்டும் பளபளப்பு, எதிர்க் கன்னத்தில் நுனியில் மட்டும் பளபளப்பு என்றால் துளை சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் காட்டிச் சொல்லியிருக்கலாம். பிள்ளையின் முதல் வேலை. அலமாரியில் வைத்துப் பத்து வருஷம் கழித்துப் பார்க்கிற பொருள். அதை ஏன் அறுக்க வேண்டும்?

இந்தக் கேள்வி என்னைப் பற்றியதும்கூட. எனக்குப் பத்தொன்பது வயதில் அப்பா ஒரு வீட்டின் கதவு வேலையில் ஒரு ஜோடிக் கதவுக்குச் சட்டம் சேர்க்கிற பொறுப்பை என்னிடம் கொடுத்தார். கீழ்ச் சட்டத்தில் ஒரு நாக்கு மெலிந்துபோய்விட்டது. மரத்தூளைப் பசையில் குழைத்து அந்த இடைவெளியில் அப்பி, நாக்கை உள்ளே விட்டு, வெளியே வந்ததை வழித்துவிட்டேன். காய்ந்த பிறகு இழைப்புளி ஓட்டினால் யாருக்கும் தெரியவில்லை. அப்பா வந்து பார்த்தார், தலையை ஆட்டினார், கதவை மாட்டினோம். தூளும் பசையும் சேர்ந்த களிம்பில் நார் கிடையாது. காய்ந்தால் சுருங்கி ரொட்டி மாதிரி உதிரும். இரண்டு மழைக்காலம் போனதும் அந்தக் கதவு தொங்கித் தரையில் உரசியிருக்கிறது. அந்த வீட்டம்மா அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார். அப்பா தனியாகப் போய், சட்டத்தைக் கழற்றி, களிம்பைச் சுரண்டி, நாக்கின் கன்னத்தில் மெல்லிய தேக்குச் சில்லை ஒட்டி மறுபடி அளவுக்குச் சீவி, சேர்த்துவிட்டு வந்திருக்கிறார். காசு வாங்கவில்லை. என்னிடம் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து அந்த அம்மாவின் மகன் வீட்டுக்கு நான் அலமாரி வேலைக்குப் போனபோது அவர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

இன்று நான் செய்வது பெரும்பாலும் பிளைவுட் வேலை. பலகையை அறுத்து, ஓரத்தில் பட்டை ஒட்டி, திருகு ஏற்றினால் முடிந்தது. அதிலும் நேர்மையாய்ச் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கதவு நினைவுக்கு வராமல் ஒரு மூட்டை என்னால் பார்க்க முடிந்ததில்லை.

அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் கேட்டேவிட்டேன். என் கதவை அன்றைக்கே அவர் அறுத்துக் காட்டியிருந்தால் எனக்குப் புத்தி வந்திருக்குமே, அவளிடம் மட்டும் ஏன் இப்படி என்று. அவர் பட்டறை வாசலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஏப்பா, அது அடுத்தவன் மரம்ல. தேக்கு வெல தெரியுமா அப்ப? ஒரு சட்டத்த அறுத்துப்போட்டா அந்த மாசம் நம்ம சோத்துக்கு என்ன பண்றது? ஒன்னோடத மட்டுமா, எங்கப்பாரு என்னோடத எதையும் அறுத்ததில்ல. பாத்ததில்லப்பா. உள்ள என்ன இருக்குன்னு நானே பாத்தது, பழசு ரிப்பேருக்கு வந்து பிரிக்கிறப்பதான். அதுல பாதி நான் செஞ்சது." கொட்டகையின் மூலையில் குவிந்து கிடந்த தேக்குத் துண்டுகளைக் காட்டினார். "இப்பத்தான கையில துண்டு கெடக்கு."

எத்தனையோ ஊரில் இடித்த வீடுகளின் சன்னல் சட்டம், வாரை, நிலையின் ஒடிந்த முனை. ஒரு காலத்தில் கப்பலேறி வந்த மரம். காரைக்குடிக் கடைகளில் முழுக் கதவும் முழுத் தூணும் விற்றது போக, யாருக்கும் வேண்டாத ஒரு சாண், ஒன்றரைச் சாண் துண்டுகள் எடைக்குக் கிடைக்கின்றன. அவர் தலைமுறையில் எந்த ஆசாரிக்கும் அறுத்துப் பார்க்க மரம் இருந்ததில்லை. கற்றுக்கொண்டதெல்லாம் அடுத்தவர் மரத்தில், அடுத்தவர் காசில். தப்பு உள்ளேயே மூடிக்கொண்டு, வேறொருவர் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. பேத்திக்கு மட்டும் அவர் தன் தப்பைத் தன் கண்ணால் பார்க்கிற வசதியைக் கொடுத்திருக்கிறார். எனக்குத் தொண்டை அடைத்தது அன்றைக்கு எந்தக் காரணத்துக்கோ, இப்போது அது வேறு காரணத்துக்கு.

## ஐந்தாவது

நடுவில் மூன்று மூட்டு போயிற்று. இரண்டாவது பிளந்தது. முதலாவது தளர்ந்துவிட்டதே என்று பயந்து நாக்கைக் கனமாய் விட்டு, உள்ளே போக மறுத்ததைக் கொட்டாப்புளியால் அறைந்திருக்கிறாள். பழந்தேக்கில் ஈரப்பசை போய் உலர்ந்து கிடப்பதால் வளைந்து கொடுக்காது. காலின் நாரோட்டத்தோடு சட்டென்று விரிந்துவிட்டது. அப்பா அப்போது டீக்கடையில் இருந்தார். சத்தம் அங்கே கேட்டது என்று அவர் சொன்னதை நான் நம்புகிறேன். முக்கால்வாசி கையால் அழுத்தியே போக வேண்டும், மீதிக் கால்வாசிக்குத்தான் கொட்டாப்புளி என்பது அவர் கணக்கு. மூன்றாவதில் தோள் பதியவே இல்லை, எவ்வளவு சீவியும் ஒரு கோடு இடைவெளி நின்றது. நாக்கு நீளமாகி, துளையின் அடியில் முட்டிக்கொண்டிருந்தது. நாக்கு துளையை விட ஒரு நூல் குட்டையாய் இருக்க வேண்டும் என்று அதோடு தெரிந்துகொண்டாள். நான்காவது நன்றாகவே வந்தது. அதையும் அறுத்தார். இந்தத் தடவை ரம்பத்தை அவளே கேட்டு வாங்கி அறுத்தாள் என்று அம்மா சொன்னாள். ஒரு பக்கச் சுவர் மட்டும் லேசாய் வயிறு தள்ளியிருந்ததாம்.

ஐந்தாவதை நான் கூட இருந்து பார்த்தேன். தலைமாட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் உளியையும் மூலைமட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் அடிக்கிற வேகத்தில் பாதிகூட இல்லை. துளை முடிந்ததும் உளியைத் தலைகீழாய்த் திருப்பி, அதன் முதுகைத் துளையின் சுவரில் சாத்தி நிறுத்தி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதி நேராய் நிற்கிறதா என்று மட்டத்தோடு ஒப்பிட்டாள். நிற்கவில்லை, ஒரு மயிரளவு சாய்வு. ஒரே ஒரு சீவல் எடுத்தாள். மறுபடி சாத்தினாள்.

நாக்கைக் கையால் தள்ளினாள். ஆடாமல் ஒரே சீராய்ப் பாதிக்கு மேல் உள்ளே போனது, காற்று அடைபட்டு நசநசவென்று ஒரு சின்னச் சத்தத்தோடு. கொட்டாப்புளியால் மூன்று தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாய்க் கெட்டியாகி, மூன்றாவதில் தோள் பதிந்ததும் டொக் என்று முழுக் கட்டையும் ஒரே மரமாகிப் பேசியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். திறக்கவில்லை.

"உருவு" என்றார்.

கட்டையைத் திருப்பிப் பிடித்து, மேலும் கீழும் அசைத்து உருவினாள். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. ரம்பத்தை எடுத்து அவள் மடிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அறுக்கணுமா வேணாமா, நீயே சொல்லு தாயி."

அவள் நாக்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். ஒரு கன்னத்தைப் பார்த்தாள், திருப்பி மறு கன்னத்தைப் பார்த்தாள். விரலால் தடவினாள். நான் எட்டிப் பார்க்கப் போனேன், அப்பா கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

"வேணாம் தாத்தா. இந்தப் பக்கம் முழுசும் மினுங்குது. இந்தப் பக்கம் மேல் மூலையில மட்டும் தொடல, ரெண்டு நூல் நீளத்துக்கு. மத்ததெல்லாம் தொட்டிருக்கு."

"அந்த ரெண்டு நூலு எதுனால?"

"ரம்பம் ஆரம்பிச்ச எடம். அங்க கொஞ்சம் கோட்டத் தின்னுட்டேன்."

அப்பா அப்போதுதான் கையை நீட்டி வாங்கினார். கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோகாமல் கட்டைவிரல் நகத்தால் அந்த மூலையைத் தடவினார். பிறகு மேல் அலமாரியிலிருந்து முதிர்ந்த மூங்கிலில் சீவி வைத்திருந்த ஆணிகளில் ஒன்றை எடுத்தார். துளையின் கன்னத்தில் ஓட்டை போட்டு, நாக்கை உள்ளே விட்டு, அந்த ஓட்டை வழியாக நாக்கில் அடையாளம் வைத்து, மறுபடி உருவினார். நாக்கில் ஓட்டையை அந்த அடையாளத்தில் போடாமல், தோள் பக்கமாக அரை நூலுக்கும் குறைவாய்த் தள்ளிப் போடச் சொன்னார். இரண்டு ஓட்டையும் கொஞ்சம் விலகி நிற்பதால், மூங்கில் ஆணி உள்ளே போகும்போது நாக்கைத் தன் பக்கம் இழுத்துத் தோளை இன்னும் இறுக்கும். மரம் வெயிலில் சுருங்கினாலும் அந்த இழுப்பு விடாது. பசையைத் தடவி, நாக்கை விட்டு, ஆணியை அவளே அடித்தாள். வெளியே நீட்டியதை ரம்பத்தால் அறுத்து, உளியின் முதுகைக் கட்டையில் படுக்கவைத்துச் சீவி மட்டமாக்கினாள்.

ஸ்டூலுக்கு இன்னும் ஏழு மூட்டு வேண்டும். பள்ளிக்கூடம் திறக்க ஆறு நாள்தான் இருந்தது. மதுரைக்குக் கிளம்பும்போது, முதல் மூட்டின் அறுபட்ட இரண்டு பாதியையும் அவள் பையில் எடுத்து வைத்துக்கொண்டாள். இப்போது அவள் படிக்கிற மேஜையில் இருக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை என் வேலைக்காரப் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். அதைக் கையில் எடுத்து இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்த்து, "நல்லாத்தான இருக்கு, ஏன் அறுத்தீங்க" என்று கேட்டான். அவள் பென்சிலை எடுத்து, நாக்கு தொடாமல் விட்ட இடத்தைக் காட்டி, அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.